பேனா தூக்காமல் ஒரு முகம்

பிக்காசோ தாளிலிருந்து கையை எடுக்காமல் ஒரே கோட்டில் வரைந்த படங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் நாயும் குதிரையும் ஒட்டகமும் சர்க்கஸ் கோமாளியும்தான் அதிகம் தென்படும். இன்னார் என்று சொல்லும்படி ஒருவரின் முகச்சாயல் முழுதாகப் பிடிபட்ட படம் அவற்றில் அரிது. முகம் அவருக்குக் கைவராத விஷயம் இல்லை. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை 1920இல் வெறும் கோடுகளால் அவர் வரைந்த படத்தை இன்றும் கோட்டோவியத்துக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் படத்தில் கோடு பல இடங்களில் நின்றுபோய், வேறோர் இடத்தில் மறுபடி தொடங்குகிறது. முகம் என்று வந்தவுடன் அந்தக் கையும் பேனாவைத் தூக்க வேண்டியிருந்தது.

காரணம் முகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நாயின் அடையாளம் அதன் புறவடிவில் இருக்கிறது. மூக்கு நுனியில் தொடங்கி முதுகு வழியே வால்வரை போய், வயிற்றுப் பக்கமாகத் திரும்பி வந்தால் நாய் வந்துவிடும். முகத்தின் புறவடிவமோ ஏறத்தாழ எல்லாருக்கும் ஒரு முட்டை வடிவம்தான். ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் புருவமும் கண்ணும் மூக்கும் வாயும் அந்த முட்டைக்குள்ளே ஒன்றையொன்று தொடாத தீவுகளாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே இருப்பது வெறும் தோல். அங்கே விளிம்பும் இல்லை, நிறமாற்றமும் இல்லை, கோடு பற்றிக்கொண்டு போக எதுவும் இல்லை.

இதைக் கணக்காகவே சொல்லலாம். ஒரு முகத்துக்குக் குறைந்தபட்சமாகத் தலைமுடி, முகத்தின் புற விளிம்பு, இரண்டு புருவம், இரண்டு கண், மூக்கு, வாய், ஒரு காது என்று ஒன்பது தனிக் கோடுகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதையும் ஒரே கோடாக்க எட்டு இணைப்புகள் தேவை. அந்த எட்டும் முகத்தில் இல்லாத கோடுகள். வரைபவர் போட்டாக வேண்டிய கோடுகள். பேனாவின் தடிமன் எங்கும் ஒன்றுதான் என்பதால், பார்ப்பவருக்கு எது முகத்தின் கோடு, எது வரைபவரின் வசதிக்காகப் போட்டது என்று தெரியாது. கண்ணிலிருந்து மூக்குக்குக் கன்னத்தின் குறுக்கே ஒரு கோடு போனால் அது வெட்டுக்காயத் தழும்பாகத்தான் தெரியும். ஒற்றைக்கோட்டு முகத்தில் சாயல் கெடுவது பெரும்பாலும் இந்த இணைப்புகளில்தான் என்பது என் முடிவு. கண்ணை எப்படி வரைவது, உதட்டை எப்படி வரைவது என்று பயிற்சி நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. கண்ணிலிருந்து உதட்டுக்கு எந்த வழியாகப் போவது என்பதைப் பற்றி அவற்றில் அதிகம் இல்லை.

இந்தச் சிக்கலிலிருந்து விலகிப்போக இரண்டு பழைய வழிகள் உண்டு. இரண்டும் முகத்தின் உறுப்புகளைப் பின்தொடர்வதையே கைவிட்டுவிடுகின்றன. முதலாவது பிரெஞ்சுச் செதுக்கோவியர் க்ளோத் மெல்லான் 1649இல் செய்தது. வெரோனிகாவின் துணியில் பதிந்ததாகச் சொல்லப்படும் இயேசுவின் முகத்தை அவர் செப்புத் தகட்டில் ஒரே சுருள் கோட்டாகச் செதுக்கினார். மூக்கு நுனியில் தொடங்கும் கோடு வட்டம் வட்டமாக விரிந்து படத்தின் ஓரம்வரை போகிறது. கண்ணுக்கும் தாடிக்கும் முள்முடிக்கும் என்று தனிக் கோடு எதுவும் கிடையாது. நிழல் விழும் இடத்தில் சுருள் தடிக்கிறது, வெளிச்சம் படும் இடத்தில் மெலிகிறது, அவ்வளவுதான். கோட்டின் பாதையை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, முகத்தை அதன் தடிமனில் ஏற்றிவிட்டார். இணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

இரண்டாவது வழி கணிதத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஓபர்லின் கல்லூரியின் ராபர்ட் பாஷ், அட்ரியன் ஹெர்மன் இருவரும் 2004இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர் எல்லா ஊர்களையும் ஒருமுறை தொட்டுவிட்டுக் குறைந்த தூரத்தில் வீடு திரும்புவது எப்படி என்ற பழைய கணக்கைப் படம் வரையப் பயன்படுத்தினார்கள். புகைப்படத்தில் இருண்ட இடங்களில் நெருக்கமாகவும் வெளிச்சமான இடங்களில் அகலமாகவும் புள்ளிகளை இறைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஊர். எல்லாவற்றையும் தொட்டுவரும் மிகக் குறுகிய பாதைதான் படம். குறுகிய பாதை தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாது. எங்காவது இரண்டு கோடுகள் குறுக்கிட்டால் அவற்றை மாற்றிப் போட்டுத் தூரத்தை இன்னும் குறைத்துவிடலாம். ஆகவே கிடைப்பது எங்கும் வெட்டாமல் மூடிக்கொள்ளும் ஒரே வளைகோடு. 2009இல் பாஷ் மோனாலிசாவை 1,00,000 புள்ளிகளில் இப்படி அமைத்தார். எட்டி நின்று பார்த்தால் அச்சு அசலான மோனாலிசா. அருகில் போனால் நெளிநெளியான ஒரு நூல்.

இரண்டுமே அசாத்தியமான வேலைகள். ஆனால் குறைந்த விவரத்தில் ஒரு முகம் வேண்டும் என்பவருக்கு இவை உதவா. மெல்லானின் சுருளில் பாதி வட்டங்களை எடுத்துவிட்டால் கண் இருக்கும் இடத்தில் ஒரு தடித்த கீற்று மட்டும் மிஞ்சும். புள்ளிகளைச் சில நூறாகக் குறைத்தால் மோனாலிசா காணாமல் போய்விடுவாள். இங்கே ஒவ்வொரு கோட்டுத்துண்டும் எந்தத் திசையில் போகிறது என்பதற்கு அர்த்தமே கிடையாது. நெருக்கம் ஒன்றுதான் சேதி சொல்கிறது. நெருக்கம் காட்ட நிறையக் கோடு வேண்டும். உறுப்புகளைப் பின்தொடரும் கோடோ தன் ஒவ்வொரு வளைவிலும் சேதி சொல்கிறது. அதனால்தான் ஐம்பது அறுபது வளைவுகளுக்குள் ஒரு முகம் அடங்குகிறது. விவரம் குறைய வேண்டுமானால் உறுப்புகளைப் பின்தொடர்ந்தே ஆக வேண்டும். எட்டு இணைப்புகள் மறுபடி நம் முன்னால் வந்து நிற்கின்றன.

புகைப்படத்தின் விளிம்புகளைக் கணினியே கண்டுபிடித்து, அவற்றை ஒரே பாதையாகக் கோக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. ஃபெர்னாண்டோ வாங், ஷிகெயோ தகாஹாஷி இருவரும் 2011இல் வெளியிட்ட முறை அவற்றில் நன்றாக யோசிக்கப்பட்டது. விளிம்புகளை வலைப்பின்னலாக மாற்றி, விவரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழிசெய்து, கடைசியில் அந்தப் பின்னல் முழுவதையும் கை எடுக்காமல் சுற்றிவரும் பாதையைத் தேடுவது அதன் சாரம். இதற்கு அடிப்படை 1736இல் ஆய்லர் கண்ட விதி. ஒரு பின்னலைக் கை எடுக்காமல், ஒரு கோட்டின் மேல் இன்னொரு முறை போகாமல் வரைய வேண்டுமானால், ஒற்றைப்படை எண்ணிக்கையில் கோடுகள் கூடும் சந்திப்புகள் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு இருந்தால் ஒன்றில் தொடங்கி இன்னொன்றில் முடிக்க வேண்டும். முட்டி நிற்கும் கோட்டின் முனையும் ஒற்றைப்படைதான். முகத்தில் இப்படி முட்டி நிற்கும் முனைகள் ஏராளம். புருவத்துக்கு இரண்டு, வாய்க்கு இரண்டு, மூக்குக்கு இரண்டு. போன வழியே திரும்பி வருவதும் ஒரு தீர்வு. அப்போது அந்த இடம் மட்டும் இரட்டைக் கோடாகத் தடித்துவிடும். மேல் இமையில் அது நன்மை, ஏனென்றால் அந்த இடம் இமைமயிரால் எப்படியும் இருண்டிருக்கும். மூக்கின் ஓரத்தில் அதுவே கெடுதல்.

ஆய்லரின் விதி சொல்லாத ஒன்று நம் வாசல்களில் இருக்கிறது. சிக்குக் கோலத்தில் கம்பிகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் நான்கு கோடுகள் கூடும் சந்திப்பு. ஆகவே விதிப்படி, துண்டுபடாமல் இணைந்திருக்கும் எந்தச் சிக்குக் கோலத்தையும் ஒரே இழுப்பில் போட முடியும். ஆனால் கோலம் போடுபவர் அப்படி நினைப்பதில்லை. வெட்டும் இடத்தில் கம்பி நேராகத்தான் தாண்டிப் போக வேண்டும், திரும்பக் கூடாது. அந்த நிபந்தனையைச் சேர்த்தால் சில கோலங்கள் ஒரே கம்பியாக முடிகின்றன. சில இரண்டு மூன்று தனிக் கம்பிகளாகப் பிரிந்துவிடுகின்றன. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரிதிவாசனும் 1974இல் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி மொழிக் கோட்பாட்டில் வைத்து ஆராயத் தொடங்கியதிலிருந்து இதற்கென்று ஒரு சிறு கணிதமே வளர்ந்திருக்கிறது. முக ஓவியத்துக்கும் அதே நிபந்தனை பொருந்தும். கோடு தன்னை வெட்டும் இடத்தில் பார்ப்பவரின் கண் நேராகப் போகும் பாதையைத்தான் பின்பற்றும். அங்கே பேனா திரும்பியிருந்தால், இரண்டு கோடுகள் முட்டிக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். ஒரே கோடு என்ற உணர்வு அந்த இடத்தில் அறுந்துபோகும். கணினி கண்டுபிடித்துக் கொடுக்கும் பாதைகளைக் கூர்ந்து பார்த்தால் இந்தக் குறை அடிக்கடி தெரியும். கணக்குப்படி அது ஒரே கோடு, கண்ணுக்கு ஒட்டுப்போட்ட துண்டுகள்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற கேள்விக்கு ஓவியர்களைவிட உளவியலாளர்கள் தெளிவான விடை வைத்திருக்கிறார்கள். 1978இல் பிரிட்டனில் டேவிஸ், எல்லிஸ், ஷெப்பர்ட் மூவரும் பிரபலமானவர்களின் புகைப்படங்களையும், அவற்றின் மேல் அப்படியே படியெடுத்த கோட்டுப்படங்களையும் மக்களிடம் காட்டினார்கள். கோடுகள் இம்மி பிசகாமல் இருந்தும் அடையாளம் கண்டவர்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தார்கள். உள்விவரங்களைக் குறைத்த படங்களில் இன்னும் மோசம். பிறகு விக்கி புரூஸும் அவருடைய குழுவினரும் 1992இல் அதே மாதிரிக் கோட்டுப்படங்களில் முடி, புருவம், நிழல் போன்ற இருண்ட பரப்புகளை மட்டும் கறுப்பாக நிரப்பிக் காட்டினார்கள். அடையாளம் காண்பது வெகுவாக உயர்ந்தது. முகத்தை நாம் விளிம்புகளால் மட்டும் நினைவில் வைத்திருப்பதில்லை. எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்பதையும் சேர்த்தே வைத்திருக்கிறோம். அளவெல்லாம் சரியாக இருந்தும் 'யார் இது?' என்று கேட்க வைக்கும் ஒற்றைக்கோட்டுப் படங்களின் நோய் இதுதான். மருந்தும் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. முடி இருக்கும் இடத்தில் கோடு நாலைந்து முறை போய்வந்து நெருக்கம் காட்டலாம். ஓரிடத்தில் அப்படி நெருங்கினால் மற்ற இடத்தின் வெறுமை வெளிச்சமாகத் தோன்றத் தொடங்கும்.

புருவம் பற்றிய ஒரு சோதனையும் எனக்கு முக்கியம். 2003இல் ஜாவித் சதர், இஸ்ஸத் ஜரூதி, பவன் சின்ஹா மூவரும் பிரபலமான முகங்களின் படங்களில் ஒரு தொகுதியில் கண்களை அழித்தார்கள், இன்னொன்றில் புருவங்களை அழித்தார்கள். புருவம் இல்லாத முகங்களைத்தான் மக்கள் அதிகம் தவறவிட்டார்கள். கண்ணில் விவரத்தைக் குவித்துவிட்டுப் புருவத்தை ஒரு கீற்றாகப் போட்டுவிடும் பழக்கம் கோட்டோவியத்தில் பரவலாக இருக்கிறது. தலைகீழாகச் செய்ய வேண்டியது அது. கண்ணுக்கு மேல் இமையின் வளைவு போதும். கீழ் இமையை விட்டுவிடலாம். புருவத்தின் சாய்வும் அதற்கும் இமைக்கும் உள்ள இடைவெளியும்தான் ஆளைச் சொல்லும்.

இப்போது ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு வழியைப் பார்ப்போம். என் பெரியம்மாவின் புகைப்படம் ஒன்று. வயது அறுபதைத் தாண்டியவர். தலையைப் படத்தின் இடப்பக்கமாக முக்கால்வாசி திருப்பியிருக்கிறார். ஜன்னல் வெளிச்சம் இடமிருந்து விழுகிறது. வாரி முடிந்த கொண்டை, மூக்குக் கண்ணாடி, மூக்குத்தி, காதில் கம்மல். நேரே முகத்தில் ஃபிளாஷ் அடித்து எடுத்த படம் இதற்கு ஆகாது. பக்க வெளிச்சம்தான் மூக்கின் ஓரத்தையும் கன்ன மடிப்பையும் காட்டிக் கொடுக்கும். முகம் மட்டும் 12 சென்டிமீட்டர் உயரம் வரும்படி அச்சடித்து, மேலே ட்ரேசிங் பேப்பரை வைத்துக்கொண்டால் அளவு பற்றிய கவலை இல்லை.

முதலில் விடுவதற்கான பட்டியல். உதடுகளின் புறக்கோடு வேண்டாம். அதைப் போட்டால் உதட்டுச்சாயம் பூசியது போலாகும். இரண்டு உதடும் சேரும் நடுக்கோடு மட்டும் போதும். மூக்கின் அருகுப் பக்க ஓரம் வேண்டாம். கழுத்துச் சுருக்கம், நெற்றிக் கோடுகள் வேண்டாம். பெரியம்மாவின் கண்ணாடியின் மேல் விளிம்பு புருவத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே விளிம்பே புருவமாகட்டும்; அதன் சாய்வைப் புருவத்தின் சாய்வாக வைத்துக்கொள்ளலாம்.

இனி வழி. இடத் தோளில் சேலைத் தலைப்பின் ஓரத்தில் தொடங்க வேண்டாம், வலப்பக்கம் பிடரியில் தொடங்குவது நல்லது. அங்கிருந்து கோடு கொண்டைக்குள் ஏறி நாலைந்து சுற்றுச் சுற்றுகிறது. படத்தில் இருட்டு சேரும் ஒரே இடம் இதுதான். பிறகு உச்சந்தலை வழியாக முன்னுக்கு வந்து, நெற்றியில் இறங்கி, தூரத்துக் கன்ன எலும்பின் மேட்டைக் கடந்து, முகவாயில் திரும்பி, தாடை ஓரமாக அருகுப் பக்கக் காதுக்கு ஏறுகிறது. காதின் சுருளைப் போட்டுக் கீழே இறங்கும்போது கம்மலுக்கு ஒரு சிறு சுழி. இதுவரை எல்லாம் புறவடிவம். இணைப்பு என்று ஒன்றும் தேவைப்படவில்லை.

காதிலிருந்து கண்ணுக்குப் போவதுதான் முதல் தாண்டல். கண்ணாடி இல்லாதவர்களிடம் இது பெரும் பாடு. இங்கே கண்ணாடியின் காது பிடிக்கும் கம்பி இருக்கிறது. காதின் மேற்புறத்துக்குத் திரும்பி ஏறி அந்தக் கம்பி வழியாகவே கோடு முன்னால் வருகிறது. கண்ணாடி வட்டத்துக்குள் நுழைந்து, கண்ணின் வெளி ஓரச் சுருக்கத்தைப் பிடித்து, மேல் இமையாக வளைந்து, நடுவில் கருவிழிக்கு ஒரு சுழி தொங்கவிட்டு, உள் ஓரத்தில் இறங்குகிறது. அங்கிருந்து திரும்பாமல் வட்டத்தின் கீழ் விளிம்பாக மாறி, வெளிப்பக்கம் போய், நுழைந்த கோட்டை நேராக வெட்டிக் கடந்து, மேல் விளிம்பாக வந்து, அப்படியே மூக்கின் மேல் பாலமாகத் தொடர்கிறது. வெட்டும் இடம் ஒன்றே ஒன்று. அங்கே இரண்டு கோடுமே நேராகத்தான் போகின்றன. சிக்குக் கோலக்காரர் குறை சொல்ல முடியாது.

பாலத்தைக் கடந்ததும் கோடு தூரத்துக் கண்ணின் இமையை முதலில் போடுகிறது. அதன் வெளி ஓரத்தில் கண்ணாடி விளிம்பைத் தொட்டு மேலே வளைந்து, மேல் விளிம்பாகத் திரும்பி மூக்குக்கு வருகிறது. இந்த வட்டத்தின் கீழ்ப்பாதி வரையப்படவே இல்லை. வெளிச்சம் விழும் பக்கம் என்பதால் புகைப்படத்திலும் அது பாதி மறைந்துதான் இருக்கிறது. அருகில் ஒரு முழு வட்டம் இருக்கும்போது பார்ப்பவர் இதை முழுதாகவே எடுத்துக்கொள்வார். மூக்குக்கு வந்த கோடு, இமைக்குப் போன கோட்டை வெட்டிக்கொண்டு மூக்குத் தண்டில் கீழே இறங்குகிறது. நுனியில் உருண்டு, அடிப்பக்கம் வழியாக அருகுப் பக்க மூக்கு மடலைச் சுற்றுகிறது. மூக்குத்திக்கு ஒரு புள்ளியளவு சுழி.

மிஞ்சியிருப்பது மூக்கிலிருந்து வாய். இங்கே இரண்டு வழிகள் உண்டு. மேலுதட்டின் நடுவே இருக்கும் குழி வழியாக நேராக இறங்கலாம். தூரம் மிகக் குறைவு என்பதால் பலரும் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அந்தக் குழியின் விளிம்பு நிழல் மிக மெல்லியது. அதைப் பேனாத் தடிமனில் போட்டவுடன் பிளந்த உதட்டைத் தைத்த தழும்பு போலாகிவிடுகிறது. இரண்டாவது வழி மூக்கு மடலிலிருந்து வாயோரம் வரை வளைந்து இறங்கும் கன்ன மடிப்பு. பெரியம்மாவின் வயதில் அது முகத்தில் உண்மையாகவே இருக்கும் கோடு. அந்த வழியே இறங்கி வாயோரத்தைத் தொட்டு, உதடுகளின் நடுக்கோடாக மறுபக்கம்வரை போய்க் கோடு முடிகிறது.

பிடரியில் தொடங்கி வாயில் முடிந்த இந்தப் பாதையில் இணைப்புக்காக மட்டும் போட்ட கோடு ஒன்றுகூட இல்லை. கண்ணாடிக் கம்பி, பாலம், கண்ணோரச் சுருக்கம், கன்ன மடிப்பு எல்லாமே அவருடையவை. ஒரு முகத்தைத் திட்டமிடும்போது உறுப்புகளைத் தேடுவதைவிட இந்த வழிகளைத் தேடுவதில்தான் நேரம் செலவாக வேண்டும். கழுத்துச் சங்கிலி, மீசை, தாடி, நெற்றியில் விழும் முடிக்கற்றை, கையை முகத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நிலை எல்லாமே வழிகள். மீசை மூக்கையும் வாயையும் தானாகவே சேர்த்துவிடுகிறது.

இப்படித் திட்டமிட்ட பாதையிலும் இரண்டு இடங்களில் படம் கெடும். ஒன்று கன்ன மடிப்பின் நீளம். அதை வாயோரத்துக்குக் கீழே சற்று இழுத்துவிட்டால் ஆள் கடுகடுப்பாகத் தெரிவார்; வயதும் ஏறிவிடும். மடிப்பு வாயோரத்துக்கு எட்டும் முன்பே மெல்ல உள்ளே திரும்ப வேண்டும். இன்னொன்று கோடு முடியும் இடம். 12 சென்டிமீட்டர் முகத்தில் வாயின் தூர ஓரம் ஒரு மில்லிமீட்டர் மேலே போனால் புன்னகை, ஒரு மில்லிமீட்டர் கீழே போனால் அதிருப்தி. கோடு முடியும் முனையைக் கண் தானாகவே போய்ப் பார்க்கும் என்பதால் அந்த ஒரு மில்லிமீட்டர் மற்ற இடங்களைவிட அதிகம் பேசுகிறது. வாயில் முடிக்கத் தயக்கமாக இருந்தால் இதே பாதையைத் தலைகீழாக நடத்தி வாயில் தொடங்கிப் பிடரியில் முடிக்கலாம். தொடங்கும்போது கை நிதானமாக இருக்கும்.

படியெடுத்த கோட்டை அப்படியே இறுதிப் படமாக வைத்துக்கொள்ளக் கூடாது. விளிம்பைத் தொட்டுத் தொட்டு மெதுவாகப் போன கோட்டில் நடுக்கம் தெரியும். பாதை மனப்பாடமாகும்வரை அதன்மேல் சில முறை ஓட்டிவிட்டு, வெறும் தாளில் ஒரே மூச்சில் வரைய வேண்டும். நெற்றி, தாடை போன்ற நீளமான வளைவுகளில் கை தோளிலிருந்து வேகமாக வரட்டும், இமையிலும் வாயிலும் விரல் மெதுவாகட்டும். அந்த வேக மாற்றம் கோட்டிலேயே பதியும். தாளைப் பார்க்காமல் ஆளை மட்டும் பார்த்து வரையும் பயிற்சியைக் கிமோன் நிக்கோலைடிஸ் 1941இல் வெளிவந்த தன் நூலில் முதல் பாடமாகவே வைத்தார். கோட்டுக்கு உயிர் வர அது நல்ல பயிற்சி. ஆனால் அதில் அளவுகள் நழுவிவிடும். சாயல் வேண்டுபவர் அதைப் பயிற்சியாகச் செய்யலாம், படமாகக் கொடுக்க முடியாது.

கணினியில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. Inkscape போன்ற மென்பொருளில் வரைந்த கோட்டைத் தேர்ந்தெடுத்து Ctrl+L அழுத்தினால் அது கோட்டை எளிமையாக்கித் தருகிறது. விவரத்தைக் குறைக்க இது குறுக்குவழி மாதிரித் தோன்றும். ஆனால் இந்த மாதிரிக் கருவிகள் பார்ப்பது, கோடு எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதை மட்டுமே. சின்ன விலகலை நீக்கிப் பெரிய விலகலை வைத்துக்கொள்ளும். முகத்தில் சின்ன விலகல்கள் வாயோரத்திலும் இமையிலும் மூக்கு மடலிலும் இருக்கின்றன. பெரிய விலகல்கள் தலையிலும் தோளிலும் இருக்கின்றன. விளைவாகச் சாயல் வழுக்கிப்போய், தேவையில்லாத தோள் மட்டும் பத்திரமாக இருக்கும். கண், மூக்கு, வாய்ப் பகுதியைத் தொடாமல் விட்டு, தலையும் தாடையும் வரும் பகுதியில் மட்டும் முனைகளைக் கையால் ஒவ்வொன்றாக அழித்துப் பார்ப்பதே சரி. ஒரு முனையை அழித்து, படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். ஆள் மாறவில்லையென்றால் அந்த முனை தேவையில்லை. ஆள் மாறிய இடத்தில் Ctrl+Z போட்டு நிறுத்திவிடலாம்.

சாயல் வந்திருக்கிறதா என்று வரைந்தவர் தானே முடிவு செய்ய முடியாது. புகைப்படத்தை அவ்வளவு நேரம் பார்த்த கண்ணுக்கு எல்லாமே அவராகத்தான் தெரியும். கண்ணாடியில் காட்டி இடம் வலம் மாற்றிப் பார்த்தால் சாய்வுகளில் உள்ள பிசகு பிடிபடும். உண்மையான சோதனை, ஆளைத் தெரிந்த ஒருவரிடம் பெயர் சொல்லாமல் காட்டுவதுதான். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முண்டாசையும் முறுக்கு மீசையையும் போட்டால் யாரும் பாரதி என்று சொல்லிவிடுவார்கள். முகமே இல்லாவிட்டாலும் சொல்வார்கள். வட்டக் கண்ணாடியும் மழித்த தலையும் காந்திக்கு அப்படி. அங்கே அடையாளம் வந்தது பொருளால். பெரியம்மாவின் படத்திலும் கொண்டையையும் மூக்குத்தியையும் விரலால் மறைத்துவிட்டு, 'யார் இது?' என்று கேட்டால்தான் கோடு என்ன செய்திருக்கிறது என்று தெரியும்.

இந்த முறைக்கு வசப்படாத முகங்கள் உண்டு. முதலில் குழந்தைகள். கன்ன மடிப்பு கிடையாது, கண்ணோரச் சுருக்கம் கிடையாது, மூக்குத் தண்டு கிடையாது. எந்த இணைப்பைப் போட்டாலும் குழந்தைக்கு வயதாகிவிடும். குழந்தைகளுக்குப் பக்கவாட்டுத் தோற்றம் ஓரளவு உதவுகிறது; நெற்றி, மூக்கு, உதடு, முகவாய் எல்லாம் ஒரே விளிம்பில் வரிசையாக வந்துவிடுவதால் அங்கே தீவுகளே இல்லை. கண் ஒன்றுதான் தனித்து நிற்கும். அதை மூடிய இமையாக்கிப் புருவத்திலிருந்தோ நெற்றி முடியிலிருந்தோ ஒரு கற்றையால் எட்டலாம். அடுத்து, நேருக்கு நேர் பார்க்கும் கண்ணாடி இல்லாத இளம் முகங்கள். ஒரு புருவத்திலிருந்து மூக்கின் ஓரமாக இறங்கி, அடியைச் சுற்றி, மறு ஓரமாக ஏறி அடுத்த புருவத்துக்குப் போவதுதான் அங்கே எல்லாரும் எடுக்கும் வழி. மாட்டீஸ் முதல் இன்றைய பச்சை குத்தும் கலைஞர்கள் வரை பயன்படுத்தும் அந்த வளைவு அழகானது. ஆனால் அது எல்லா முகத்தையும் ஒன்றுபோல் ஆக்கிவிடுகிறது. அழகான ஒரு பெண் கிடைப்பாள், இன்ன பெண் கிடைக்கமாட்டாள்.

அலெக்சாண்டர் கால்டர் 1920களின் பிற்பகுதியிலிருந்து கம்பியை வளைத்து ஜிம்மி டுரான்டே, ஃபெர்னாந் லெஜே போன்றவர்களின் தலைகளைக் காற்றில் வரைந்தார். அதற்கு முன் நியூயார்க்கில் ஒரு பத்திரிகைக்காகக் குத்துச்சண்டை வீரர்களையும் சர்க்கஸ் விலங்குகளையும் ஒரே கோட்டில் வரைந்து பழகிய கை அது. கம்பியில் வேலை செய்பவருக்கு இணைப்பின் அருமை பேனாக்காரரைவிட நன்றாகத் தெரியும். ஒட்டாத உறுப்பு கீழே விழுந்துவிடும் அல்லவா. அவருடைய தலைகளில் ஒரு கம்பி நெற்றியில் தொடங்கி, புருவமாகி, மூக்காகத் துருத்தி, கண்ணுக்குத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். அப்படியிருந்தும் பல தலைகளில் வேறொரு கம்பியை எடுத்து முதல் கம்பியில் முறுக்கிக் கட்டியிருக்கிறார். முறுக்கை மறைக்கவும் முயலவில்லை. முகத்தில் வழி இல்லாத இடத்தில் பொய்யான ஒரு கோட்டைப் போடுவதைவிட, பேனாவைத் தூக்கி இரண்டாவது கோட்டைத் தொடங்குவதையே நானும் தேர்ந்தெடுப்பேன். குழந்தை முகம் என்றால் இரண்டு கோடு. புறவடிவும் முடியும் ஒன்றில், கண்ணும் மூக்கும் வாயும் இன்னொன்றில்.